பழைய பிரிண்டரை மாற்ற ஒரு முன்மொழிவு: செலவு, பணம் திரும்பும் காலம், ஆபத்து எல்லாம் இரண்டே பக்கத்தில்

அலுவலகத்தில் ஒரு பழைய மெஷினை மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எழுதிக் கேட்டால் கோப்பு திரும்பி வரும். எங்கள் பெரிய பிரிண்டரை மாற்றக் கேட்டபோது அந்தக் கோப்பு எனக்கும் நிதிப் பிரிவுக்கும் நடுவில் மாதக்கணக்கில் அலைந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கேள்வி, ஒரு புதுக் காகிதம். அவர்கள் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். அவற்றை முன்கூட்டியே சொல்லித்தர ஆள் இல்லாததுதான் சிரமமாக இருந்தது. முதன்முறையாக இப்படி ஒரு முன்மொழிவு எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்காக அவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டுதான்: அச்சு, நகல், ஸ்கேன் மூன்றும் செய்யும் ஒரு கறுப்பு வெள்ளை பிரிண்டர், வயது எட்டு. தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை, அதனால் நாணயம் போடவில்லை. உங்கள் பில்லில் உள்ள எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணினி, ஏசி, யுபிஎஸ் எதுவானாலும் முறை இதேதான்.

## 1. எழுதும் முன் காகிதங்களைச் சேருங்கள்

இதுதான் அதிக நேரம் பிடிக்கும் வேலை. ஒரு மாதம் ஒதுக்குங்கள். தேவையானவை இவை:

- மெஷின் வாங்கிய பில், சொத்துப் பதிவேட்டில் அதன் வரி
- நடப்புப் பராமரிப்பு ஒப்பந்தம், முழுப் பிரதி
- கடந்த மூன்று ஆண்டுகளின் சர்வீஸ் சீட்டுகளும் உதிரிபாக பில்களும்
- மூன்று ஆண்டுகளின் டோனர் பில்கள்
- மெஷின் நின்றபோது வெளியே அச்சடித்த பில்கள்
- மெஷினின் பக்க எண்ணிக்கை

கடைசியில் உள்ளதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான பிரிண்டர்களில் அமைப்புகள் பகுதிக்குப் போய் நிலை அறிக்கையை அச்சிட்டால், இதுவரை எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்று வரும். இன்று ஒன்று எடுங்கள், சரியாக ஒரு மாதம் கழித்து இன்னொன்று எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மாத அளவு. அந்த மாதம் வழக்கமான மாதமாக இருக்கட்டும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் எடுத்தால் எண் ஏறிவிடும், அதை வைத்துத் தேவைக்கு மேல் பெரிய மெஷின் கேட்டுவிடுவீர்கள். சர்வீஸ் சீட்டுகளில் பெரும்பாலும் பக்க எண் எழுதியிருப்பார்கள். அது கிடைத்தால் ஆண்டுக் கணக்கையே சரிபார்த்துவிடலாம்.

நம் எடுத்துக்காட்டில் மாதம் 6,000 பக்கம், ஆண்டுக்கு 72,000.

சர்வீஸ் சீட்டு தொலைந்துபோயிருந்தால் பராமரிப்பு நிறுவனத்திடம் வருகைப் பட்டியல் கேளுங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். பதிலை அப்படியே இணைப்பாக வைக்கலாம்.

## 2. பழைய மெஷினின் ஓர் ஆண்டுச் செலவு

உங்கள் கையை விட்டு உண்மையாகப் போகும் பணத்தை மட்டும் முதலில் எழுதுங்கள்.

| செலவு | ஆண்டுக்கு |
|---|---|
| பராமரிப்பு ஒப்பந்தம் | 24,000 |
| ஒப்பந்தத்தில் வராத உதிரிபாகம் | 18,000 |
| டோனர் | 36,000 |
| வெளியே அச்சடித்தது | 14,000 |
| மின்சாரம் | 5,000 |
| மொத்தம் | 97,000 |

உதிரிபாக வரியில்தான் பெரிய கண்ணி இருக்கிறது. மூன்று ஆண்டு பில்களைப் பார்த்தால் 9,000, 14,000, 31,000 என்று வருகிறது. கடைசி ஆண்டில் ஃபியூசர் போனதால் 31,000. அந்த 31,000-ஐ எடுத்துப் போட்டால் கணக்கு அழகாக வரும் என்று தோன்றும். ஆனால் ஃபியூசரைத்தான் இப்போது மாற்றியாகிவிட்டதே, அடுத்த ஆண்டே அது மறுபடி போகாது. பில்லைப் பார்க்கும் கணக்காளர் இதைத்தான் முதலில் பிடிப்பார், அதற்குப் பிறகு உங்கள் மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். அதனால் மூன்று ஆண்டுச் சராசரி 18,000-ஐப் போடுங்கள். செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது என்பதைப் பக்கத்தில் ஒரு வரியாகச் சொன்னால் போதும். மூன்று எண்களையும் அப்படியே கொடுத்துவிட்டால் படிப்பவரே அதைப் பார்த்துக்கொள்வார்.

டோனருக்கும் பில்லிலிருந்து கணக்குப் போடுங்கள், பெட்டியில் அச்சிட்டிருப்பதிலிருந்து வேண்டாம். கறுப்பு வெள்ளை லேசர் டோனர் எத்தனை பக்கம் வரும் என்பதை ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 என்ற தரமுறைப்படி அளக்கிறார்கள். அதன் சோதனைப் பக்கத்தில் மை படும் பரப்பு ஏறத்தாழ 5 சதவீதம்தான். கட்டங்களும் முத்திரைகளும் நிறைந்த படிவங்களை அச்சிடும் அலுவலகத்தில் அவ்வளவு பக்கம் வராது. ஆண்டு டோனர் பில்லைப் பக்க எண்ணிக்கையால் வகுங்கள்: 36,000 ÷ 72,000 = பக்கத்துக்கு 0.50. உங்கள் அலுவலகத்தின் உண்மையான விலை இதுதான்.

மின்சாரத்துக்கு, சாக்கெட்டில் மாட்டும் சிறிய மின் அளவி ஒன்றை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பெரிய பிரிண்டருக்கு உங்கள் சாக்கெட்டும் அளவியும் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டரில் மின்சாரச் சேமிப்பு பொதுவாகச் சின்னத் தொகைதான். அதைப் பெரிதாக்கி எழுத வேண்டாம்.

ஊழியர் நேரத்தை இந்த அட்டவணையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதற்கு 4-ஆம் படியில் தனி இடம் இருக்கிறது.

## 3. புதியதற்கு ஆகும் முழுச் செலவு

கொட்டேஷனில் பெரிதாக இருக்கும் எண் மெஷின் விலை மட்டும்தான். உள்ளே கொண்டுவந்து ஓட வைக்கும் வரை ஆகும் அத்தனையும் முதலீட்டில் வரவேண்டும்.

| ஒருமுறைச் செலவு | தொகை |
|---|---|
| மெஷின், வரி உட்பட | 1,80,000 |
| கொண்டுவந்து பொருத்த | 6,000 |
| நெட்வொர்க் அமைப்பு, கணினிகளில் டிரைவர் | 4,000 |
| பழையதன் ஹார்டு டிஸ்க்கை அழிக்க | 3,000 |
| பழையதை எடுத்துக்கொள்ளத் தரும் விலை | − 8,000 |
| மொத்தம் | 1,85,000 |

வரியைத் திரும்பப் பெறும் வசதி உங்கள் நிறுவனத்துக்கு இருந்தால், அதைக் கழித்த விலையைப் போட வேண்டும். கணக்குப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய செலவுகளில் வரி சேர்த்து, புதியதில் சேர்க்காமல் விட்டால் ஒப்பீடே தவறிவிடும்.

அப்புறம் புதியதன் ஆண்டுச் செலவு. முதல் ஆண்டு உத்தரவாதம், அடுத்த நான்கு ஆண்டுகள் ஒப்பந்தம் ஆண்டுக்கு 18,750. ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 15,000. டோனர் பக்கத்துக்கு 0.40 என்று வைத்தால் ஏறத்தாழ 29,000. வெளியே அச்சடிப்பது 2,000, மின்சாரம் 2,000. உதிரிபாகம் ஒப்பந்தத்திலேயே வருவதாக வைத்து அதற்குப் பூஜ்யம். மொத்தம் 48,000.

கொட்டேஷன் மூன்று வாங்குங்கள், ஒரே விவரக் குறிப்பைக் கொடுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் இவற்றை எழுத்தில் கேட்டுவிடுங்கள்:

- டிரம் ஒப்பந்தத்தில் வருமா? பல ஒப்பந்தங்களில் அதை டோனர் மாதிரித் தீர்ந்துபோகும் பொருளாக வைத்து வெளியே விட்டிருப்பார்கள். அப்படியானால் உதிரிபாகச் செலவு பூஜ்யம் என்று நாம் வைத்தது தவறாகிவிடும்.
- மெஷினோடு வரும் டோனர் முழு அளவா, பாதி நிரப்பியதா? பாதி என்றால் முதல் ஆண்டிலேயே கூடுதலாக ஒன்று வாங்க வேண்டும்.
- மாதத்துக்கு எத்தனை பக்கம் ஓட்டலாம் என்று பரிந்துரைக்கிறார்கள்? விளம்பரத்தில் தெரிவது பெரும்பாலும் உச்ச வரம்பு. தினசரி வேலைக்குப் பார்க்க வேண்டியது பரிந்துரைக்கும் அளவு, அது உச்ச வரம்பைவிட மிகக் குறைவாக இருக்கும்.

அலமாரியில் இருக்கும் பழைய டோனர்களையும் எண்ணிப் பாருங்கள். அவை புதிய மெஷினுக்குப் பொருந்தாது. பிரிக்காத பெட்டிகளை விற்றவர் திரும்ப எடுப்பாரா என்று கேளுங்கள். எடுக்கமாட்டார் என்றால், அவை தீரும் நாளை ஒட்டி மாற்றத்தை வைத்துக்கொள்ளலாம்.

## 4. போட்ட பணம் எப்போது திரும்பும்

கணக்கு ஒரு வரிதான்:

முதலீடு ÷ ஆண்டு மிச்சம் = திரும்பும் காலம்

பழையது 97,000, புதியது 48,000. மிச்சம் 49,000. 1,85,000 ÷ 49,000 = 3.78 ஆண்டு, அதாவது ஏறத்தாழ 45 மாதம்.

இது முழுக்கக் கைப்பணக் கணக்கு. இப்போது ஊழியர் நேரத்தைத் தனியாகச் சேருங்கள். சர்வீஸ் சீட்டுகளின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 மணி நேரம் ஊழியர்களுக்குத் தாள் சிக்கலை எடுப்பதிலும் வேறு மாடிக்கு நடப்பதிலும் போகிறது என்று வைப்போம். மணிக்கு 250 என்றால் 15,000. மிச்சம் 64,000 ஆகிறது, திரும்பும் காலம் 35 மாதமாகக் குறைகிறது.

இரண்டு எண்களையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதுங்கள். 45 மாதம் என்பது முதல் வரி, 35 மாதம் என்பது இரண்டாம் வரி. 35-ஐ மட்டும் எழுதினால், “அந்த 15,000 எந்த வங்கிக் கணக்கில் வந்து சேரும்?” என்று கேட்பார்கள். பதில் இல்லை. சம்பளம் அதே சம்பளம்தான், மிச்சமாவது நேரம். அது மதிப்புள்ளது, ஆனால் கைப்பணம் இல்லை. நீங்களே பிரித்துக் காட்டிவிட்டால் அந்த விவாதமே எழாது.

அடுத்து, எண்களைக் கொஞ்சம் மோசமாக்கிப் பாருங்கள். என் அனுபவத்தில் முடிவெடுப்பவரின் நம்பிக்கையைப் பெற்றுத்தரும் பகுதி இதுதான்.

- எதிர்பார்த்த மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு வராவிட்டால்: 1,85,000 ÷ 39,200 = 4.72 ஆண்டு, 57 மாதம்.
- மெஷின் விலை 10 சதவீதம் ஏறினால்: 2,03,000 ÷ 49,000 = 4.14 ஆண்டு, 50 மாதம்.

புதியதை ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதம் வைத்திருக்கத் திட்டம். முதல் சோதனையில் மூன்று மாதம்தான் இடைவெளி. அதை மறைக்க வேண்டாம். “மிச்சம் குறைந்தால் ஐந்தாம் ஆண்டின் கடைசியில்தான் பணம் திரும்பும்” என்று அப்படியே எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து நடந்தால் 60 மாதத்தைத் தாண்டிவிடும் (2,03,000 ÷ 39,200 = 5.18 ஆண்டு). அதையும் ஒரு வரி எழுதிவிட்டு, விலை ஏறாமல் இருக்கக் கொட்டேஷன் காலாவதியாகும் முன் முடிவு வேண்டும் என்று சேருங்கள்.

இங்கே இன்னொரு கேள்வி வரும்: பழைய மெஷினுக்குச் சொத்துப் பதிவேட்டில் இன்னும் மதிப்பு மீதமிருந்தால் அதை என்ன செய்வது? அந்தத் தொகை என்றோ செலவழிந்துபோன பணம். வைத்திருந்தாலும் மாற்றினாலும் அது திரும்பி வராது, அதனால் திரும்பும் காலக் கணக்கில் சேராது. ஆனால் ஏட்டில் அந்த ஆண்டு நட்டமாகக் காட்ட வேண்டியிருக்கும். தொகையைத் தனி வரியில் சொல்லிவிடுங்கள், கணக்குப் பிரிவு ஆச்சரியப்படாமல் இருக்கும்.

## 5. மற்ற வழிகளையும் வைத்துப் பாருங்கள்

“வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்” என்று இரண்டே வழி வைத்தால், வாடகைக்கு எடுத்தால் என்ன என்ற கேள்வியோடு கோப்பு திரும்பி வரும். மூன்று வழி போதும், ஐந்து ஆண்டு மொத்தச் செலவில்:

பழையதையே வைத்திருந்தால் 97,000 × 5 = 4,85,000. செலவு இப்போதுள்ள அளவிலேயே நிற்கும் என்ற அனுமானத்தில் இது.

புதிது வாங்கினால் 1,85,000 + (48,000 × 5) = 4,25,000.

பக்கத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்தால், டோனரும் சர்வீஸும் சேர்த்து 1.20 என்று வைப்போம். ஆண்டுக்கு 86,400, மின்சாரமும் வெளி அச்சும் 4,000, ஐந்து ஆண்டுக்கு 4,52,000. கையில் மொத்தமாகப் பணம் இல்லாத நிறுவனத்துக்கு இது நல்ல வழி. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் குறைந்தபட்சப் பக்கம் எவ்வளவு என்று பாருங்கள். மாதம் 8,000 பக்கம் என்று போட்டுவிட்டு 6,000 ஓட்டினால், ஓடாத 2,000 பக்கத்துக்கும் பணம் கட்ட வேண்டும்.

இந்த மூன்று எண்களும் ஒரே பத்தியில் இருந்தால் 45 மாதம் என்பது நீண்ட காலமா, சரியான காலமா என்று படிப்பவரால் எடைபோட முடியும்.

## 6. ஆபத்துகள்: இரு பக்கமும்

பலர் புதியது வாங்குவதில் உள்ள ஆபத்தை மட்டும் எழுதுகிறார்கள். பழையதை வைத்திருப்பதிலும் ஆபத்து உண்டு, அது அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது.

எட்டு வயது பிரிண்டரில் நான் முதலில் பார்ப்பது, ஸ்கேன் செய்த கோப்பைக் கணினியின் ஃபோல்டருக்கு எப்படி அனுப்புகிறது என்பதை. பழைய மாடல்கள் சில SMB 1.0 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை மட்டுமே புரிந்துகொள்ளும். அந்த முறையில் பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதால், 2017-இல் வந்த விண்டோஸ் 10 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஸ்கேன் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக யாராவது அதைத் திரும்ப இயக்கி வைத்திருக்கலாம். விண்டோஸில் `Turn Windows features on or off` திறந்து, `SMB 1.0/CIFS File Sharing Support` டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எதற்காக இயக்கினார்கள் என்று கணினிப் பிரிவிடம் விசாரியுங்கள். பிரிண்டருக்காகத்தான் என்றால், ஒரு பழைய மெஷினுக்காக அலுவலகக் கணினியின் பாதுகாப்பைத் தளர்த்தி வைத்திருக்கிறீர்கள். இந்த ஒரு வரி முடிவெடுப்பவரை, பத்து வரிப் புலம்பலைவிட அதிகம் யோசிக்க வைக்கும்.

பழையதன் இன்னோர் ஆபத்து உதிரிபாகம் கிடைக்காமல் போவது. தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு உதிரிபாகம் தருவது எப்போது நிற்கும் என்று பராமரிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, தேதியோடு இணைத்துவிடுங்கள்.

புதியதன் பக்கத்தில் எழுத வேண்டியவை: பழைய மெஷினின் ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்த ஆவணங்களின் பிம்பங்கள் தங்கியிருக்கலாம், அதை அழித்ததற்குச் சான்று வாங்க வேண்டும். கணக்கு மென்பொருள் புதிய டிரைவரோடு சரியாக அச்சிடுமா என்று வாங்கும் முன்பே ஒரு சோதனை கேட்க வேண்டும், முக்கியமாக முன்பே அச்சடித்த படிவங்களில். மாற்றும் வாரத்தில் இரண்டு மெஷின்களும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும்.

ஒவ்வொரு ஆபத்துக்கும் எதிரே, அதைக் குறைக்க யார் என்ன செய்வார் என்று ஒரே வாக்கியம். பொறுப்பாளர் பெயரில்லாத ஆபத்தைப் படிப்பவர் தன் தலையில் விழும் என்று நினைப்பார்.

## 7. எழுதும் வரிசையும் கொடுக்கும் நேரமும்

முதல் பக்கத்தின் முதல் பத்தியிலேயே என்ன கேட்கிறீர்கள், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும் என்று எழுதிவிடுங்கள். இப்படி:

“எட்டு ஆண்டுப் பழைய பிரிண்டரை மாற்ற 1,85,000 ஒதுக்க வேண்டுகிறோம். கைப்பணக் கணக்கில் 45 மாதத்தில் தொகை திரும்பும். ஐந்து ஆண்டு மொத்தச் செலவில் 60,000 மிச்சமாகும். கொட்டேஷன் இம்மாத இறுதி வரை செல்லும்.”

அதற்குக் கீழே 2, 3-ஆம் படிகளின் அட்டவணைகள். இரண்டாம் பக்கத்தில் சோதனைக் கணக்கு, மூன்று வழிகள், ஆபத்துகள். பில்களும் சீட்டுகளும் இணைப்பில், எண்ணிட்டு. அட்டவணையின் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே எந்த இணைப்பு என்று குறித்துவிடுங்கள். தேட வைத்தால் கோப்பு மேசையிலேயே தங்கிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை இரண்டு தேதிகளை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். ஒன்று, அடுத்த ஆண்டு பட்ஜெட் மூடும் நாள். இன்னொன்று, பழைய பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று படியுங்கள். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தம் என்றால், அந்த நாளைத் தவறவிட்டால் மெஷின் வெளியே போன பிறகும் 24,000 கட்ட வேண்டியிருக்கும், கணக்கில் அரை ஆண்டு மிச்சம் அப்படியே கரைந்துவிடும்.

கொட்டேஷனைக் கடைசியாக வாங்குங்கள். அவற்றின் செல்லுபடி பெரும்பாலும் சில வாரங்கள்தான், பக்க எண்ணிக்கை எடுக்கவே ஒரு மாதம் போகும். முதலிலேயே வாங்கி வைத்தால் கோப்பு மேலே போகும்போது விலை காலாவதியாகியிருக்கும், அத்தனை எண்ணையும் திரும்பப் போட வேண்டும்.